உச்சவரம்பு இல்லாத ஒப்பந்தத்துக்குப் பாலிசி கைகொடுக்குமா?

கேள்வி: இணையதளங்களில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஊடுருவல் சோதனையைத் தனியாளாகச் செய்கிறேன். நியூ ஜெர்சியில் உள்ள ஒரு நிறுவனம் தன் ஆன்லைன் கடையைச் சோதிக்க 6,000 டாலர் தருகிறது. ‘எந்த இழப்பு வந்தாலும் முழுவதையும் நானே ஈடுசெய்வேன்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. என்னிடம் 50 லட்ச ரூபாய்க்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு உண்டு. கையெழுத்துப் போடலாமா? - வாசகர், கோவை

பதில்: இப்போது போடாதீர்கள். முதலில் பாலிசியை எடுத்து, எந்த நாட்டு நீதிமன்றத்தில் வரும் வழக்குக்குப் பணம் தருவார்கள் என்ற பகுதியைப் படியுங்கள். ‘இந்தியா மட்டும்’ என்றோ, ‘அமெரிக்கா, கனடா நீங்கலாக’ என்றோ இருந்தால், நியூ ஜெர்சி வழக்குக்கு அந்த 50 லட்சம் உதவாது. கூடுதல் பிரீமியம் கட்டி அமெரிக்காவைச் சேர்த்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். சட்டப்படி உங்கள் தலையில் விழாத பொறுப்பை நீங்களாக எழுதிக்கொடுத்து ஏற்றிருந்தால், அதற்குப் பணம் தர முடியாது என்ற விலக்கு இத்தகைய பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். நீங்கள் கேட்கும் வரி அந்த ரகம்தான்.

அதனால் அதை இப்படி மாற்றச் சொல்லுங்கள்: ‘மொத்தப் பொறுப்பு, இந்த வேலைக்குப் பெற்ற கட்டணத்தைத் தாண்டாது.’ ரகசியத் தகவல் கசிவுக்கு மட்டும் கூடுதலாகக் கேட்பார்கள். அது நியாயம்தான், ஆனால் அதற்கும் ஒரு தொகை எழுதப்பட வேண்டும், அதுவும் பாலிசித் தொகைக்குள் அடங்க வேண்டும். இன்னொன்று: இந்த வகைப் பாலிசி பெரும்பாலும் கோரிக்கை வரும் நாளில் உயிரோடு இருந்தால்தான் செல்லும். வேலை முடிந்ததே என்று புதுப்பிக்காமல் விட்டால், அடுத்த ஆண்டு வரும் நோட்டீஸுக்கு நீங்கள் தனியாகத்தான் நிற்பீர்கள்.

அனுமதிக் கடிதமும் அதே அளவு முக்கியம். எந்தெந்த டொமைன்கள், ஐபி முகவரிகள் என்று பட்டியலிட்டு, அனுமதி தரும் அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட வேண்டும். கடையில் ‘பணம் செலுத்து’ பொத்தானை அழுத்தியதும் வேறு டொமைனுக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் அந்தப் பக்கம் பெரும்பாலும் பேமென்ட் நிறுவனத்துடையது. அதைச் சோதிக்கக் கடைக்காரர் அனுமதி தர முடியாது. உரிமையாளர் அனுமதியின்றி நுழைந்தது நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு என்று ஆனால், நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-இன் கீழ் மூன்று ஆண்டு வரை சிறைக்கு அது இடம் தரும்.

சோதனை நேரத்தை நியூ ஜெர்சி கணக்கில் ‘இரவு 10 முதல் 4 வரை’ என்று மட்டும் எழுதினால், கோடையில் அது நமக்குக் காலை 7:30 முதல் மதியம் 1:30 வரை. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் 8:30 முதல் 2:30 ஆகிவிடும். பழைய பழக்கத்தில் 7:30-க்குத் தொடங்கினால் அந்த ஒரு மணி நேரம் அனுமதிக்கு வெளியே. பருவத்துக்கு ஏற்ப மாறாத உலகப் பொது நேரத்தில் `02:00–08:00 UTC` என்று எழுதிவிட்டால் நமக்கு எப்போதும் 7:30 முதல் 1:30தான்.

பணத்தில் 3,000 டாலரைத் தொடங்குமுன் வாங்குங்கள். மீதியை அறிக்கை கொடுத்த 15 நாளில் என்று எழுதுங்கள். ‘ஓட்டைகளை அடைத்த பிறகு’ என்று எழுத விடாதீர்கள். அடைப்பது அவர்கள் கையில் இருக்கிறது, உங்கள் பணமும் அதோடு காத்துக் கிடக்கும். வங்கிக் கட்டணம் அனுப்புபவருடையது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.