ஆர்டர் முதல் பில் வரை: எஸ்ஏபி சோதனை ஸ்கிரிப்ட் எப்போது கட்டுப்படியாகும்?

மாதம் ஒருமுறை டிரான்ஸ்போர்ட் ஏற்றுகிறோம். ஒவ்வொரு முறையும் VA01, VL01N, VF01 மூன்றையும் கையால் ஓட்டிப் பார்க்கிறோம். ஸ்கிரிப்ட் எழுதினால் மிச்சமாகுமா?

என் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு 12 வகை ஆர்டர். ஒன்றுக்கு 25 நிமிடம், சுற்றுக்கு 5 மணி நேரம். SECATT-இல் எழுதி, தடங்கலில்லாமல் ஓடவைக்க 42 மணி நேரம் ஆனது. பலர் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் முடிவுகளைப் பார்க்கவும், உடைந்ததை ஒட்டவும் சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஆக மிச்சம் மூன்றரை மணி நேரம்தான். போட்ட உழைப்பு திரும்ப 12 சுற்று. இதே அளவு வேலை என்றால் உங்களுக்கு ஒரு வருடம், செய்யலாம். வருடத்துக்கு இரண்டே முறை ஏற்றுபவருக்கு ஆறு வருடம். அதற்குள் திரைகளே மாறிவிடும். அவர்கள் கையாலேயே ஓட்டட்டும்.

ரெக்கார்ட் செய்தாலே போதுமே! எங்களுடையது எப்போதும் பச்சையாகத்தான் முடிகிறது.

ரெக்கார்டிங்கில் தொடங்குவது சரி. ஆனால் பச்சை என்றால் திரைகள் கடைசிவரை ஓடின என்று மட்டும்தான் அர்த்தம். ஒருமுறை விலை அமைப்பில் செய்த மாற்றத்தால் எங்களுக்குத் தள்ளுபடி விழவில்லை. பில் உருவானது, ஸ்கிரிப்டும் பச்சை. தொகை தவறு. அதற்குப் பிறகுதான் பில்லின் VBRK-NETWR மதிப்பை எடுத்து, வரவேண்டிய தொகையோடு CHEVAR கட்டளையால் ஒப்பிட ஆரம்பித்தோம். அந்த ஒரு வரி இல்லாத ஸ்கிரிப்டை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை.

எங்களுக்கு மாதக் கடைசியில் ஆயிரம் ஆர்டர் ஏற்ற வேண்டும். இதே ஸ்கிரிப்டை ப்ரொடக்ஷனில் ஓட்டலாமா?

வேண்டாம். இது சோதனை இல்லை, தரவேற்றம். ப்ரொடக்ஷன் கிளையண்டில் SCC4-இல் eCATT-ஐ மூடி வைத்திருப்பதுதான் நல்லது. BAPI_SALESORDER_CREATEFROMDAT2 பற்றி உங்கள் டெவலப்பரிடம் கேளுங்கள்.

போன மாதம் ஓடியது, இந்த மாதம் 2-ஆம் தேதி எல்லாம் சிவப்பு. யாரும் எதையும் மாற்றவில்லை. ஸ்கிரிப்ட் கெட்டுவிட்டதா?

ஆர்டர் உருவாகி, சரக்கை வெளியேற்றும் இடத்தில் நின்றதா? அப்படியானால் சோதனை சிஸ்டத்தில் MMPV ஓட்டிப் புது மாதத்தைத் திறக்கவில்லையோ என்று சந்தேகப்படுவேன். இன்னொன்று சரக்கிருப்பு. ஒவ்வொரு ஓட்டமும் இருப்பைத் தின்கிறது, ஒருநாள் தீர்ந்துவிடும். இதற்காகவே நாங்கள் ஸ்கிரிப்டின் முதல் படியில் 561 போட்டு இருப்பை ஏற்றிக்கொள்கிறோம். VA01-லேயே நின்றிருந்தால் மாதம் திறக்காதது காரணமாக இருக்காது. லாகில் எந்தப் படி, என்ன செய்தி என்று பார்த்து எழுதுங்கள்.