கிளையண்ட் கேக்கலன்னா ஏஐ யூஸ் பண்ணதை சொல்லணுமா?

தம்பி, மெசேஜ் படிச்சேன். குழந்தைங்களுக்கான முயல் கதை புக் ஒண்ணுக்கு அட்டையும் உள்ள பத்து படமும் உன் கிளையண்ட் கேட்டிருக்காரு, நீ மிட்ஜர்னிங்குற ஏஐ பட டூல்ல எடுத்து ஃபோட்டோஷாப்ல விரல், கண்ணு, கலர் எல்லாம் சரி பண்ணி வச்சிருக்க, "அவரே கேக்கல, நான் ஏன் சொல்லணும்"ங்குற. அவர் கேக்க மாட்டாரு, ஆனா அமேசான் அவர்கிட்ட கேக்கும்.

அமேசான்ல நாமளே புக் பப்ளிஷ் பண்ற கேடிபி தளத்துல அவர் புக்கை ஏத்தும்போது எழுத்து, படம், மொழிபெயர்ப்புன்னு தனித்தனியா ஏஐ இருக்கானு கேப்பாங்க, 2023 செப்டம்பர்லயே வந்த ரூல் இது. படத்தை டூல் உருவாக்குச்சுன்னா, அப்புறம் நீ எவ்வளவு திருத்தினாலும் அவங்க கணக்குல அது ஏஐ படம் தான், அதனால "நான் மூணு நாள் உக்காந்து எடிட் பண்ணேன்"ங்குறது இங்க எடுபடாது. நீ சொல்லாம விட்டா அவர் தெரியாமலே "இல்ல"னு டிக் பண்ணுவாரு, மாட்டுனா அடி வாங்குறது அவரோட அக்கவுண்ட். அதுவே நீயே வரைஞ்சுட்டு ஐடியாவுக்கும் பிழை பாக்கவும் மட்டும் டூலை தொட்டிருந்தா, அங்க சொல்லணும்னு அவசியம் இல்ல.

இன்னொண்ணு இருக்கு, இதை பசங்க யாரும் யோசிக்கிறதே இல்ல. உன் அக்ரிமெண்ட்ல "முழு காப்பிரைட்டும் கிளையண்டுக்கு"னு ஒரு வரி இருக்கும், எடுத்துப் பாரு. 2023 பிப்ரவரில ஒரு காமிக்ஸ் விஷயத்துல அமெரிக்க காப்பிரைட் ஆபீஸ், கதை எழுத்துக்கும் அடுக்கின விதத்துக்கும் உரிமை உண்டு, மிட்ஜர்னி படங்களுக்கு தனியா கிடையாதுன்னு சொல்லிடுச்சு. நீ கைல செஞ்ச திருத்தத்துக்கு வேணா ஏதாவது தேறலாம், அதுவும் எவ்வளவு மாத்தினங்குறத பொறுத்து. உன்கிட்ட இல்லாத உரிமையை எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு யாராவது அந்த முயல் கேரக்டரை அப்படியே எடுத்து பொம்மை போட்டு வித்தா, அவர் உன்னைத்தான் தேடுவாரு.

இன்னும் ஃபைல் குடுக்கலல்ல, அப்போ இன்னைக்கே அவருக்கு மெசேஜ் அனுப்பு. பம்மி பம்மி எழுதாத, இந்த மாதிரி நேரா எழுது: "சார், படங்களோட அடிப்படை மிட்ஜர்னில எடுத்தது, விரல், கண்ணு, கலர் திருத்தம் நான் பண்ணது. கேடிபில படத்துக்கு ஏஐன்னு குறிப்பிடணும், காப்பிரைட்டும் முழுசா கிடைக்காது. கையால வரைஞ்சு வேணும்னா இவ்வளவு நாள், இவ்வளவு ரேட்." கூடவே ப்ராம்ப்ட், திருத்துறதுக்கு முன்னாடி வந்த படம், லேயரோட பிஎஸ்டி ஃபோட்டோஷாப் ஃபைல் மூணையும் ஒரே ஃபோல்டர்ல வை, எது நீ பண்ணதுன்னு காட்ட வேற வழி இல்ல.

வேண்டாம்னு சொல்லிடுவாரோன்னு பயமா இருக்கும், சொல்லலாம், சிலர் சொல்றாங்க. முயல் கேரக்டரை மட்டுமாவது நீயே வரைஞ்சு தரேன்னு கேட்டுப் பாரு, பேக்ரவுண்ட் ஏஐல இருக்கறதுக்கு நிறைய பேர் ஒத்துக்குவாங்க. அதுக்கும் முடியாதுன்னா அட்வான்ஸ திருப்பிக் குடுத்துடு. அடுத்த ப்ராஜெக்ட்ல இருந்து இந்த விஷயத்தை கொட்டேஷன்லயே ஒரு வரி போட்டுடு, வேலை முடிஞ்சப்புறம் சொல்றதுதான் உனக்கு இவ்வளவு சங்கடமா இருக்கு.