இத்தாலியத் தொவ்ரெய், பொத்ரெய், வொர்ரெய்: ஆங்கில ஷுட், குட், வுட் ஆகியவற்றோடு எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன?

கேள்வி (பலேர்மோவில் கடை வேலை செய்பவர்): எதைக் கேட்டாலும் வொர்ரெய் போட்டுத்தான் கேட்கிறேன், யாரும் குறை சொல்லவில்லை. அப்படியானால் வுட் வருகிற இடமெல்லாம் வொர்ரெய்தானே?

பதில்: ஒரு காபி வேண்டும் என்பதற்கு 'வொர்ரெய் உன் கஃபே' என்று கேட்பது மிகச் சரி. ஆனால் அங்கே வொர்ரெய் என்ற ஒரு சொல் 'வுட் லைக்' என்ற இரண்டு சொற்களின் வேலையைச் செய்கிறது. விருப்பம் என்னும் பொருள் லைக்கில்தான் இருக்கிறது, வுட்டில் இல்லை. வெறும் வுட் வந்தால் அடுத்து வரும் வினையையே இத்தாலியில் நிபந்தனை வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பசித்தால் சாப்பிடுவேன் என்பதற்கு 'மான்ஜெரெய்' என்பதே சொல். 'வொர்ரெய் மான்ஜாரே' என்றால் சாப்பிட ஆசைப்படுகிறேன் என்றாகிவிடும்.

கேள்வி (முதலாண்டு மாணவி): ஐந்து வயதில் எனக்கு நீந்தத் தெரியும் என்பதை ஆங்கிலத்தில் குட் போட்டுச் சொல்கிறோம். அதனால் பொத்ரெய் என்று எழுதினேன், ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: குட் நேற்றைக்கும் வரும், நாளைக்கும் வரும், பொத்ரெய் நேற்றைக்கு வராது. வாக்கியத்தில் 'நாளை' என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள்: 'நாளை உனக்கு உதவ முடியும்' என்பது பொருந்துவதால் அங்கே பொத்ரெய் சரி. நீச்சல் கடந்த காலத்தைச் சேர்ந்தது, மேலும் அது கற்றுக்கொண்ட திறமை என்பதால் பொத்ரெய்யின் மூல வினையான பொத்தேரேவை விட்டு 'ஸபேவொ நுவோத்தாரே' என்றே சொல்வார்கள்.

கேள்வி (போலோனியாவில் வசிப்பவர்): தோழியின் பிறந்தநாளுக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. வருத்தம் தெரிவித்து 'தொவ்ரெய் எஸ்ஸேரே அந்தாத்தா' என்று அனுப்பினேன். 'போனாயா, இல்லையா, உனக்கே நினைவில்லையா?' என்று பதில் வந்தது. என்ன பிழை செய்தேன்?

பதில்: நீங்கள் எழுதியது இலக்கணப் பிழையே இல்லை, அதனால்தான் இந்தச் சிக்கல். தோழி அதை 'நான் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்' என்று படித்திருக்கிறார்.

ஷுட் என்ற சொல்லுக்குத் தனக்கென்று இறந்தகால எச்சம் கிடையாது. எனவே ஆங்கிலம் கடந்த காலத்தை அடுத்த வினையின் மேல் ஏற்றி 'ஷுட் ஹாவ் கான்' என்கிறது. தொவ்ரெய்யின் மூல வினையான தொவேரே அப்படியல்ல, அது முழு வினை, அதற்கு தொவூத்தோ என்ற எச்சம் உண்டு. ஆகவே செய்யத் தவறிய கடமையைச் சொல்லும்போது இத்தாலி கடந்த காலத்தைத் தொவேரேயின் மேலேயே வைத்து, போகும் வினையை மூல வடிவத்திலேயே விட்டுவிடுகிறது: 'ஸரெய் தொவூத்தா அந்தாரே'. நீங்கள் அனுப்பியிருக்க வேண்டியது இதுதான்.

ரயில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'எட்டு மணிக்கே வந்திருக்க வேண்டும்' என்று தமிழில் சொன்னால், வரவில்லை என்று குறைப்படுகிறீர்களா, இந்நேரம் வந்திருக்கும் என்று ஊகிக்கிறீர்களா என்பது சூழலைப் பார்த்தால்தான் தெரியும். ஆங்கில ஷுட்டும் இப்படியே இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. இத்தாலியில் 'ஸரெப்பே தொவூத்தோ அர்ரிவாரே' என்றால் வர வேண்டியது பெரும்பாலும் வரவில்லை. 'தொவ்ரெப்பே எஸ்ஸேரே அர்ரிவாத்தோ' என்றால் வந்திருக்கும் என்ற ஊகம். நமக்குக் கைவந்த இரண்டு மொழிகளுமே கலந்து வைத்திருப்பதை மூன்றாவது மொழி பிரித்துக் கேட்பதால்தான் நம்மவர்களுக்கு இந்த இடம் இவ்வளவு இடறுகிறது என்பது என் எண்ணம்.

கேள்வி (சில ஆண்டுகளாக இத்தாலி கற்பிப்பவர்): என் மாணவர்கள் 'அவ்ரெய் தொவூத்தோ அந்தாரே' என்று எழுதினால் தவறு என்றே திருத்துகிறேன். அந்தாரே, எஸ்ஸேரே என்ற துணைவினையோடு வரும் வினை, எனவே அதன் வடிவமான ஸரெய் மட்டுமே சரி, இல்லையா?

பதில்: ஸரெய் சரி, 'மட்டுமே' சரியில்லை. கவனித்து எழுதும் எழுத்தில் ஸரெய் விரும்பப்படுகிறது. ஆனால் கடமையையே அழுத்திச் சொல்ல நினைப்பவர்கள் அவ்ரெய் என்று சொல்வதும் பரவலாக உண்டு, அதைப் பிழையென்று அடிக்க முடியாது. தேர்வுக்கு இடமே இல்லாத சூழல் வேறு: எழுந்திருப்பது போன்ற தற்சுட்டு வினைகளில் 'மி' முன்னால் நின்றால் 'மி ஸரெய் தொவூத்தா அல்ஸாரே' என்றும், பின்னால் ஒட்டினால் 'அவ்ரெய் தொவூத்தோ அல்ஸார்மி' என்றும்தான் வரும். ஸரெய் வந்தால் எச்சம் பேசுபவரின் பாலுக்கு ஏற்ப மாறுவதையும், அவ்ரெய் வந்தால் மாறாமல் நிற்பதையும் மாணவர்களுக்குச் சேர்த்தே காட்டுங்கள்.

கேள்வி (இத்தாலியக் குடும்பத்தில் மணமானவர்): என் மாமியார் 'தொவேவி தீர்மெலொ' என்கிறார். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 'அவ்ரெஸ்தி தொவூத்தோ தீர்மெலொ' என்றல்லவா இருக்க வேண்டும்? அவரைத் திருத்தலாமா?

பதில்: திருத்த வேண்டாம். 'என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்' என்று வீட்டுப் பேச்சில் குறைப்பட்டுக்கொள்ளும்போது இம்பெர்ஃபெத்தோ என்ற கடந்தகால வடிவமே நாவில் எளிதாக வருகிறது. 'பொத்தேவி தீர்மெலொ' என்பதும் அப்படியே, 'சொல்லியிருக்கலாமே' என்ற மனத்தாங்கலோடு ஒலிக்கும். எழுத்தில் இதை எவ்வளவு தூரம் அனுமதிக்கலாம் என்பதில் ஆசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நான் கடிதத்திலும் தேர்விலும் 'அவ்ரெஸ்தி தொவூத்தோ' என்றே எழுதச் சொல்வேன்; ஏனெனில் தொவேவி என்பது 'சொல்வதாக இருந்தாய்' என்றும் பொருள்படும், சொன்னீர்களா இல்லையா என்பதை அது தானாகக் காட்டாது.