குடியிருப்பு விழாவுக்கு ஒரு பொய்ச்செய்தி அறிக்கை: யாரையும் புண்படுத்தாமல் எழுதுவது எப்படி?

கேள்வி: "எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாவில் ஆறேழு நிமிடத்துக்கு நையாண்டிச் செய்தி அறிக்கை ஒன்றை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர், மின்வெட்டு, வண்டி நிறுத்தும் தகராறு என்று அன்றாடத் தொல்லைகளைத்தான் கிண்டல் செய்யப் போகிறேன். சென்ற ஆண்டு எழுதியவர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு குடும்பத்தார் தங்களைத்தான் சொன்னார்கள் என்று கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போய்விட்டார்கள். அப்படி நேராமல் எப்படி எழுதுவது?"

பதில்: எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்த இடத்தில் பெயரை நீக்குவதால் மட்டும் ஒருவர் மறைந்துவிடமாட்டார். இரண்டாவது மாடி, சிவப்பு ஸ்கூட்டர், காலை ஐந்து மணிக்குப் போடும் பக்திப் பாட்டு, பேச்சுக்குப் பேச்சு வரும் ஒரு சொல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும், அரங்கிலுள்ள அனைவரும் ஒரே நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனவே பெயரை எடுப்பதோடு நில்லாமல், செய்தியின் எழுவாயையே மாற்ற வேண்டும். தொல்லை தரும் மனிதர் செய்தியின் நாயகராக இருக்கக் கூடாது. தொட்டி, மோட்டார், லிஃப்ட், மின்மாற்றி போன்ற பொருளோ, அந்தத் தொல்லை திரும்பத் திரும்ப நேர்வதற்கான காரணமோ அந்த இடத்துக்கு வர வேண்டும். நல்ல வேளையாக, தமிழ்ச் செய்தி நடை இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. "தெரியவந்துள்ளது", "எதிர்பார்க்கப்படுகிறது", "உடன்பாடு எட்டப்படவில்லை" என்று செய்தவரைச் சொல்லாமலே முடிகின்ற வாக்கியங்கள் அதில் ஏராளம்.

தொட்டி நிரம்பி வழியும் தொல்லையையே எடுத்துக்கொள்வோம். முதல் முயற்சியில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதவரும்: "மூன்றாவது மாடியில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சித் தொடரில் மூழ்கிய ஒரு பெண்மணியால் குடியிருப்பே வெள்ளக்காடானது." இதில் மாடி இருக்கிறது, பாலினம் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, குற்றச்சாட்டும் இருக்கிறது, இல்லாதது நகைச்சுவை மட்டுமே. இதே செய்தியை, மழைக்காலத்தில் நாம் அனைவரும் கேட்டுப் பழகிய மேட்டூர் அணை நிலவரத்தின் வார்ப்பில் ஊற்றிப் பாருங்கள். அந்த நிலவரத்துக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் நீர்மட்டம், பிறகு நீர்வரத்து, அடுத்து வெளியேற்றம், கடைசியில் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. 120 அடி என்ற முழுக் கொள்ளளவும், வினாடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கும் கேட்பவர் காதில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே வரிசையைக் குலைக்காமல் அளவுகளை மட்டும் சுருக்கினால் போதும்.

"மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் இன்று காலை 6 மணி நிலவரப்படி அதன் முழுக் கொள்ளளவான ஐந்தரை அடியை எட்டியது. தொட்டிக்கான நீர்வரத்து தொடர்ந்து அதிகரித்து வருவதால், வினாடிக்கு ஒன்றரைக் குவளை வீதம் உபரி நீர் வெளியேற்றப்பட்டு வருகிறது. இதையடுத்து, வாகன நிறுத்துமிடத்தின் தாழ்வான பகுதிகளில் செருப்புகளைக் கழற்றி வைத்துள்ளவர்கள் அவற்றை மேடான இடங்களுக்குக் கொண்டுசெல்லுமாறு அறிவுறுத்தப்பட்டுள்ளனர். இதனிடையே, மோட்டாரை நிறுத்த வேண்டியது யார் என்பது குறித்து நான்கு தளங்களுக்கு இடையே நடைபெற்ற முதற்கட்டப் பேச்சுவார்த்தையில் உடன்பாடு எட்டப்படவில்லை. 'அடுத்தவர் நிறுத்திவிடுவார் என்று நினைத்தோம்' என நான்கு தரப்பினரும் தனித்தனியே வெளியிட்ட அறிக்கைகளில் தெரிவித்துள்ளனர். அடுத்த சுற்றுப் பேச்சுவார்த்தை, தொட்டி காலியான பிறகு நடைபெறும் எனத் தெரிகிறது."

குற்றவாளி எங்கே போனார் என்று பாருங்கள். அவர் நான்கு தளங்களிலும் பரவிவிட்டார். தொட்டி வழிவதற்கு உண்மையான காரணம் ஒருவருடைய தொலைக்காட்சித் தொடர் அன்று; மோட்டாரின் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தும், வேறு யாரேனும் எழுந்து போவார்கள் என்று எல்லாரும் உட்கார்ந்திருப்பதுதான். தொல்லையின் காரணத்தை இவ்வளவு தூரம் தோண்டினால் அதில் பெரும்பாலும் எல்லாருக்கும் பங்கிருப்பது தெரியும். கேட்பவர் சிரிக்கும்போது தம்மையும் சேர்த்தே சிரிப்பார். அளவுகளும் கவனத்துக்குரியவை. "கொஞ்சம் தண்ணீர்" என்று எழுதினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். "வினாடிக்கு ஒன்றரைக் குவளை" என்பதில் அந்த அரைக்குவளைதான் சிரிப்பை வரவழைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரிலோ உண்மையான வெள்ளம் தரைத்தளத்துக்குள் புகுந்த சென்னைப் பகுதிகளில் உங்கள் குடியிருப்பு இருக்குமானால், செருப்பைப் பற்றிய அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். நீர்மட்டமும் பேச்சுவார்த்தையும் இருந்தாலே செய்தி நிற்கும். பீரோவும் சான்றிதழ்களும் நனைந்துபோனவர் அவையில் இருக்கையில், தாழ்வான பகுதி என்ற சொல் அவருக்கு வேறொன்றை நினைவூட்டும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு செய்தியையும் ஒரு கேள்வியால் சோதியுங்கள்: இதைக் கேட்கும்போது எத்தனை வீட்டார் "இது நம்மைச் சொல்வதோ" என்று நினைப்பார்கள்? நாலைந்து வீடுகள் என்றால் செய்தி பாதுகாப்பானது. ஒரே வீடு என்றால், அது எவ்வளவு நயமாக இருந்தாலும் நீக்கிவிடுங்கள், அல்லது உங்களுடைய வீட்டின் கதையாக மாற்றிவிடுங்கள். இதை நீங்களே முடிவு செய்வதைவிட, குடியிருப்பு வம்புகள் அனைத்தும் அறிந்த ஒருவரிடம் முன்கூட்டி வாசித்துக் காட்டுவது நல்லது. அவர் "யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது" என்று சிரித்தால், அந்தச் சிரிப்பே நீங்கள் வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

வண்டி நிறுத்தும் தகராறைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கடுமையானது. இரு வீட்டாருக்கிடையே நடந்துகொண்டிருக்கும் சண்டையை மேடைக்குக் கொண்டுவராதீர்கள். எவ்வளவு நடுநிலையோடு எழுதினாலும் இருவருமே மற்றவருக்கு ஆதரவாக எழுதியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக, வெளியிலிருந்து வரும் விருந்தாளி வண்டியை நிறுத்த இடம் தேடி, கடைசியில் தாம் புறப்பட்ட தம் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்ததாக ஒரு செய்தி எழுதலாம். இடப் பற்றாக்குறை என்ற தொல்லை அப்படியே இருக்கிறது, தகராறு மட்டும் வெளியேறிவிடுகிறது. அதேபோல் காவலாளி, வீட்டுவேலைக்கு வருபவர், தண்ணீர் லாரி ஓட்டுநர் ஆகியோரைக் கேலிக்கு இலக்காக்க வேண்டாம். அவர்கள் அவையில் உட்கார்ந்து சிரிக்கும் நிலையில் இல்லை. பதில் சொல்லும் நிலையிலும் இல்லை. சாதி, வட்டாரப் பேச்சு, உணவுப் பழக்கம் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மின்வெட்டுக்கு வானிலை அறிக்கையைவிடப் பொருத்தமான வார்ப்பு கிடையாது. அதை அறிக்கையின் கடைசியில் வையுங்கள். உண்மைச் செய்தியிலும் அது அங்கேதான் வருகிறது.

"தெருமுனை மின்மாற்றியை ஒட்டி நிலவும் மேலடுக்குச் சுழற்சி காரணமாக, அடுத்த 24 மணி நேரத்தில் ஒருசில வீடுகளில் லேசானது முதல் மிதமான மின்வெட்டும், இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஓரளவு பெருமிதமும் காணப்படும். மாலை 5 மணி முதல் 7 மணி வரை இட்லிக்கு மாவு அரைப்போர் கிரைண்டர் பக்கம் செல்ல வேண்டாம் என எச்சரிக்கப்படுகிறார்கள்."

இங்கும் மின்வாரிய ஊழியர் யாரும் வரவில்லை, அமைச்சர் வரவில்லை. சுழற்சிதான் பொறுப்பு. கிரைண்டர் வாக்கியம் மீனவர்களுக்கான எச்சரிக்கையின் நிழல் என்பதை நீங்கள் விளக்க வேண்டியதில்லை, விளக்கினால் கெட்டுவிடும்.

நேரலை நிருபர் ஒருவரையும் சேர்க்கலாம், ஆனால் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். லிஃப்ட் பழுதாகி நிற்பதைப் பற்றிய செய்தியில் அவரை இணைத்து, வாசிப்பாளர் சொன்னதையே "நீங்கள் குறிப்பிட்டதைப் போலவே" என்று தொடங்கி அவர் மறுபடியும் சொல்லட்டும். நான்காவது மாடிக்குப் படியேறிய களைப்பில் பேச்சு பாதியில் நின்றுவிட, "தொடர்பு துண்டிக்கப்பட்டுவிட்டது" என்று வாசிப்பாளர் அடுத்த செய்திக்குப் போய்விடலாம். லிஃப்டைப் பழுதாக்கியது யார் என்ற பேச்சே இதில் எழாது.

அளவு பற்றி: தமிழை நிதானமாகச் செய்தி நடையில் வாசித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொற்கள் போகும். அவையோர் சிரித்து முடிக்கக் காத்திருக்கும் நேரத்தையும் கழித்தால், ஏழு நிமிட அறிக்கைக்கு ஐந்நூறு சொற்களுக்குச் சற்று மேல் போதும். தலைப்புச் செய்திகளாக மூன்று வரிகள், பிறகு விரிவாக நான்கு செய்திகள், வானிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் முழு வேடிக்கையையும் கொட்டிவிடாதீர்கள். "மேல்நிலைத் தொட்டி நிரம்பியது, நான்கு தளப் பேச்சுவார்த்தையில் இழுபறி" என்ற அளவில் நிறுத்தினால், குவளைக் கணக்கும் நான்கு அறிக்கைகளும் விரிவான செய்திக்கு மிஞ்சியிருக்கும். வாசிப்பவர் எந்த இடத்திலும் சிரிக்கக் கூடாது, கண்ணடிக்கக் கூடாது, குரலை ஏற்றி இறக்கி நடிக்கக் கூடாது. மெய்யான பேரிடரை அறிவிக்கும் முகத்தோடு குவளையைப் பற்றிப் பேசுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அறியப்பட்ட செய்தி வாசிப்பாளர் ஒருவரின் குரலைப் போலிசெய்வதும், தொலைக்காட்சி ஒன்றின் சின்னத்தை வைப்பதும் தேவையற்றவை. அவை கவனத்தைத் தொட்டியிலிருந்து அந்த மனிதர்மேல் திருப்பிவிடும்.

விழாவில் யாரேனும் கைபேசியில் பதிவு செய்வார்கள், மறுநாளே அதில் இருபது விநாடித் துண்டு வாட்ஸ்ஆப்பில் சுற்றும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை", "இரண்டு நாள்களுக்குக் குடிநீர் வராது" என்பன போல நம்பத்தகுந்த அறிவிப்பு எதையும் கேலிக்காகக்கூட எழுதாதீர்கள். துண்டாக்கப்பட்ட நிலையில் அது வெறும் வதந்தி. மாவட்ட ஆட்சியர், வாரியம், காவல் துறை ஆகியோரின் பெயரால் எந்த உத்தரவும் வர வேண்டாம். எந்த இருபது விநாடியை வெட்டியெடுத்தாலும் அதற்குள் ஒரு குவளையோ கிரைண்டரோ அகப்படும்படி பொய்யை அடர்த்தியாகத் தூவுங்கள். வாசிப்பவரின் மேசைமுன் "கற்பனைச் செய்திகள்" என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டையையும் நிறுத்துங்கள். மேசையின் ஓரத்தில் வைத்தால் படச்சட்டத்துக்கு வெளியே போய்விடும், ஆகவே அவருடைய மார்புக்கு நேராக, முகத்தோடு சேர்ந்தே படத்தில் விழும் உயரத்தில் வையுங்கள்.