சப் மீட்டர் தகராறு: முதல் ரீடிங் எங்கிருந்து வந்தது?

கேள்வி: மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், எங்களுக்குத் தனி சப் மீட்டர். இப்போது அது 6390 காட்டுகிறது. 250 யூனிட் ஓடியிருக்கிறது என்று வீட்டுக்காரர் ஒரு தொகை கேட்கிறார். போன தடவை நான் எடுத்த போட்டோவில் 6190 இருக்கிறது, அப்படியானால் 200 யூனிட்தானே? கரண்ட் பில்லையும் கணக்கையும் காட்டுங்கள் என்றால், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்கிறார். கேட்டது தப்பா?

பதில்: தப்பே இல்லை. பணம் கொடுப்பவர் கணக்கைப் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? ஆனால் "200 யூனிட்தான்" என்று உறுதியாகச் சொல்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்.

250 யூனிட் என்றால் அவர் 6140-இலிருந்து எண்ணியிருக்கிறார். நீங்கள் 6190-இலிருந்து எண்ணுகிறீர்கள். மெயின் மீட்டரில் ரீடிங் எடுத்த அன்றே அவர் உங்கள் மீட்டரையும் குறித்திருக்கலாம், நீங்கள் சில நாள் கழித்துப் போட்டோ எடுத்திருக்கலாம். அப்படியானால் இரண்டு எண்ணுமே உண்மைதான். போன தடவை எந்த எண் வரைக்கும் பணம் கட்டினீர்கள் என்பதுதான் இங்கே கேள்வி. 6190 வரை கட்டியிருந்தால், அந்த 50 யூனிட்டுக்கு உங்களிடம் இரண்டாவது முறை கேட்கிறார். 6140 வரைதான் கட்டியிருந்தால், அந்த 50 யூனிட் நீங்கள் செலவழித்து இன்னும் பணம் தராதது. அவர் கேட்பது நியாயம். போன கணக்கின் கடைசி ரீடிங்கே இந்தக் கணக்கின் முதல் ரீடிங்காக இருக்க வேண்டும். இந்தச் சங்கிலி அறுந்த இடத்தில்தான் பெரும்பாலான சப் மீட்டர் சண்டைகள் தொடங்குகின்றன.

யூனிட் சரியாகிவிட்டது என்றே வையுங்கள். அப்புறமும் தொகை தப்பாக இருக்கலாம், பில்லைப் பார்க்க வேண்டியது அதற்காகத்தான். யூனிட் கூடக் கூட விலை ஏறும் கட்டண முறையில், உங்கள் யூனிட்டுக்கு எந்த விலையைப் போடுகிறார் என்பது பெரிய வித்தியாசத்தைத் தரும். உதாரணமாக, முதல் 200 யூனிட்டுக்கு யூனிட்டுக்கு 1, அதற்கு மேல் யூனிட்டுக்கு 2 என்று வைத்துக்கொள்வோம். வீடு முழுவதற்கும் 500 யூனிட் வந்தால் பில் 200-ம் 600-ம் சேர்த்து 800. இதில் உங்கள் பங்கு 200 யூனிட். உச்ச விலையில் போட்டால் நீங்கள் 400 தருவீர்கள். வீட்டுக்காரர் 300 யூனிட் செலவழித்துவிட்டு அவரும் 400-தான் கட்டுவார். நீங்களோ "என் 200 யூனிட்டும் குறைந்த விலைக்குள் வருகிறதே" என்று 200 மட்டும் கொடுத்தால், ஏறிய விலை முழுக்க அவர் தலையில் விழும். அதுவும் சரியில்லை. மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 1.60; உங்கள் பங்கு 320. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்காவிட்டால், என் பார்வையில் இதுதான் இரு பக்கத்துக்கும் நியாயமான வழி.

பில் கைக்கு வந்ததும் மொத்தத்தை அப்படியே வகுக்காதீர்கள். பழைய பாக்கி, தாமத அபராதம், டெபாசிட் எல்லாம் அதில் சேர்ந்திருக்கலாம். அவை உங்கள் யூனிட்டோடு சம்பந்தப்பட்டவை அல்ல, கழித்துவிட்டு வகுக்க வேண்டும்.

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் யூனிட் அதிகமாகத் தெரிந்தால், வயரிங்கைச் சந்தேகப்படலாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் 3200 imp/kWh என்பதுபோல ஒரு எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்குச் சின்ன சிவப்பு விளக்கு அத்தனை முறை சிமிட்டும் என்று அர்த்தம். உங்கள் வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு அந்த விளக்கைப் பாருங்கள். பொது மோட்டார் ஓடும்போதும் மாடிப்படி விளக்கு எரியும்போதும் பாருங்கள். அப்போதும் சிமிட்டினால், வேறு யாருடைய கரண்டோ உங்கள் மீட்டர் வழியாகப் போகிறது. சிமிட்டவில்லை என்றால், 1000 வாட் கெட்டிலை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3200 என்று போட்ட மீட்டரில் 53 தடவை அளவில் சிமிட்ட வேண்டும். மின்னழுத்தத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும், ஆனால் 80, 90 என்று வந்தால் மீட்டரை மாற்றச் சொல்லலாம். அயர்ன் பாக்ஸை வைத்துச் சோதிக்காதீர்கள், அது சூடானதும் தானாக அணைந்து அணைந்து எரியும்.

வீட்டுக்காரரிடம் நம்பிக்கையைப் பற்றிய பேச்சை எடுக்காமல், எழுத்தில் இப்படிக் கேளுங்கள்: "போன கணக்கின் கடைசி ரீடிங், இந்தத் தடவை ரீடிங், எடுத்த தேதிகள், மெயின் பில்லின் போட்டோ, இவற்றை அனுப்பினால் இன்றே பணம் போட்டுவிடுகிறேன்." அதுவரை தகராறு இல்லாத 200 யூனிட்டுக்கான பணத்தைக் கொடுத்து, எத்தனை யூனிட்டுக்கு என்று அதே செய்தியில் எழுதிவிடுங்கள். அடுத்த தடவை ரீடிங் எடுக்கும்போது இருவரும் மீட்டர் முன் நின்று, மெயின் மீட்டரையும் சப் மீட்டரையும் ஒரே நேரத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.