ஓடுகிறவர்கள் துள்ளல் பயிற்சியைத் தொடங்கும் முறை

வாரம் நான்கு நாள் ஓடுகிறேன். பிளையோமெட்ரிக் துள்ளல், தாவல்களை அடிபடாமல் எப்படித் தொடங்குவது? வாரத்துக்கு எத்தனை முறை செய்யலாம்?

வாரத்துக்கு இரண்டு முறை போதும், நடுவே குறைந்தது 48 மணி நேர இடைவெளியோடு. தசையைவிடக் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அக்கிலிஸ் தசைநாண் மெதுவாகத்தான் பழகும். அதற்காகத்தான் இந்த இடைவெளி.

முதலில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை 20 தடவை வலியில்லாமல் உயர்த்திப் பாருங்கள். முடியவில்லையென்றால் சில வாரங்கள் அதையே செய்யுங்கள்.

முடிந்தால், உடம்பைச் சூடாக்கிவிட்டு, ஓடுவதற்கு முன்பே இரண்டு காலிலும் நின்ற இடத்தில் சின்னச் சின்னதாகத் துள்ளுங்கள். முழங்கால் லேசாக மட்டும் மடங்கட்டும், முன்பாதம் தரையைத் தொட்டதும் எழும்பிவிட வேண்டும். உயரம் முக்கியமில்லை. 10 துள்ளலாக மூன்று சுற்று, நடுவே ஒரு நிமிட ஓய்வு. 'தொப்'பென்று சத்தம் கேட்டாலோ குதிகால் தரையில் இடித்தாலோ கால் களைத்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடிகளைக் கவனியுங்கள். குதிகாலுக்கு மேலே வழக்கத்தைவிட விறைப்பாக இருந்தால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். இல்லையென்றால் வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டலாம், ஐந்து சுற்று வரை. அப்புறம்தான் ஒற்றைக்கால் துள்ளல், கடைசியாக நீளத் தாவல். தாவலில் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை ஒரே காலில் இறங்கும், அதற்கு அவசரப்படவே வேண்டாம்.