கல்யாணத்துக்கு வரும் சொந்தங்களுக்கு ஓட்டல் அறை: மேலாளருக்கு என்ன எழுதுவது?

குளுவாங்கில் ஓர் ஓட்டலின் முன்பதிவு மேசையில் 16 வருடம் இருந்தவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரெங்கத்திலிருந்து ஒரு தாய்மாமன்: அக்கா மகளுக்கு ஞாயிறு காலை முகூர்த்தம். கெடா, பினாங்கு, சிங்கப்பூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 14 அறைக்கு "நல்ல விலை கொடுங்கள்" என்று எழுதினேன். பதிலே இல்லை ஐயா.

அந்தக் கடிதத்தை வைத்து மேலாளர் விலை போட முடியாது, தம்பி. எந்த இரவுகள், எந்த வகை அறை, அதில் எத்தனை உறுதி என்று தெரிந்தால்தான் கணக்குப் போடுவார். மலாயில் எழுதுங்கள், விஷயம் இப்படி இருக்கட்டும்:

"துவான், என் அக்கா மகளின் திருமணத்துக்கு வரும் உறவினர்களுக்கு வெள்ளி, சனி இரண்டு இரவும் அறைகள் வேண்டும். இருவர் தங்கும் அறை 9, மூவர் தங்கும் அறை 5. இதில் 10 அறை உறுதி. மீதி 4 அறையைத் திருமணத்துக்கு மூன்று வாரம் முன்பு உறுதி செய்கிறேன். வரி சேர்த்து ஓர் இரவுக்கு என்ன விலை, காலை உணவோடு எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு? முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிவரை அறையைக் குறைத்தால் பிடித்தம் இருக்காது என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்."

தேதிகளை மறக்காமல் போடுங்கள். காலை உணவை ஏன் தனியாகக் கேட்கச் சொல்கிறேன் என்றால், முகூர்த்தம் விடிகாலையில் இருந்தால் ஓட்டலில் பசியாற யாருக்கும் நேரம் இருக்காது. மண்டபத்தில் இட்லி காத்திருக்கும், ஓட்டல் உணவுக்குக் கொடுத்த காசு வீண். சனி காலைக்கு மட்டும் உணவு கேட்கலாம்.

பாலோவிலிருந்து ஓர் அண்ணன்: பத்து அறை எடுத்தாலே குழு விலை தானாக வந்துவிடும். ஒரு போன் போதுமே, கடிதம் எதற்கு?

பத்து என்பது பல ஓட்டல்களில் வழக்கம்தான், அது சரி. ஆனால் தானாக வராது, கேட்டால்தான் வரும். பள்ளி விடுமுறையில் அறைகள் எப்படியும் நிரம்பும் என்று தெரிந்தால், கேட்டாலும் பெரிதாகக் குறைக்க மாட்டார்கள். போன் பண்ணுங்கள், யாருக்கு எழுத வேண்டும் என்று பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அன்றைக்கே கடிதத்தை அனுப்புங்கள். போனில் விலை சொன்னவர் அடுத்த மாதம் வேலை மாறிப் போயிருப்பார். கடிதத்துக்கு வந்த பதில் உங்கள் கையில் இருக்கும்.

சாஆவிலிருந்து ஓர் அக்கா: போன வருடம் அப்பாவின் கருமக்கிரியைக்கு 12 அறை பிடித்தோம். ஏழு அறைக்குத்தான் ஆள் வந்தது. மீதி ஐந்துக்கும் காசு எடுத்துக்கொண்டார்கள். இது நியாயமா?

துக்கத்தில் இந்தச் செலவும் சேர்ந்தது வருத்தம்தான் அக்கா. எனக்கும் நடந்திருக்கிறது. என் மகன் கல்யாணத்துக்கு வேறொரு ஊர் ஓட்டலில் 15 அறை சொன்னேன். வருகிறோம் என்ற நாலு குடும்பம் கடைசியில் அத்தை வீட்டில் பாய் விரித்துப் படுத்துவிட்டது. குறைக்கும் தேதியை நான் கேட்டு வாங்கவில்லை, முழுப் பணமும் போனது. அந்தத் தேதி வரைதான் ஓட்டல் உங்களுக்காக அறையை நிறுத்தி வைக்கும். அதற்குள் சொன்னால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்கள், பிறகு சொன்னால் விற்க நேரமில்லை. அதனால் அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே சொந்தங்களிடம் பெயரும் ஐசி எண்ணும் கேளுங்கள். பெயர் கொடுக்காதவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் காசு திரும்புமா என்பது அன்று கையெழுத்திட்ட தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஒருவர்: சிங்கப்பூர் சித்திக்கும் என் பெயரிலேயே அறை போட்டால் சுற்றுலா வரி வராதுதானே?

பதிவு யார் பெயரில் என்பது மட்டும் போதாது. சாவி வாங்கும்போது தங்குபவரின் ஐசி அல்லது கடப்பிதழைக் கேட்பார்கள். மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் விலக்கு. மற்றவர்களுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. சித்தி வகையில் மூன்று அறை, இரண்டு இரவு என்றால் 60 வெள்ளி. கடிதத்திலேயே "வெளிநாட்டவர் அறை 3" என்று எழுதிவிட்டால் கவுண்டரில் வாக்குவாதம் வராது. உள்ளூர்க்காரரும் வெளிநாட்டவரும் ஒரே அறையில் இருந்தால்? ஒவ்வோர் ஓட்டலும் ஒவ்வொரு மாதிரி செய்வதைப் பார்த்திருக்கிறேன், முன்னாலேயே கேளுங்கள்.

இதைவிடப் பெரிய தொகை சேவை வரி. 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. மேலாளர் 150 வெள்ளி என்று சொல்லி அதில் வரி சேரவில்லை என்றால், அறை 162 ஆகிவிடும். 14 அறை, இரண்டு இரவு, 336 வெள்ளி கூடுதல். அதனால்தான் "வரி சேர்த்து" என்ற சொல்லைக் கடிதத்தில் வைத்தேன்.

குளுவாங்கிலிருந்து ஒரு தங்கை: எங்களுக்குக் குழு விலை 135. ஆன்லைனில் அதே அறை 128 காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

அப்படிச் சொல்லிவிட முடியாது, தங்கச்சி. அந்த 128-இல் வரி இருக்கிறதா, ரத்து செய்தால் காசு திரும்புமா என்று பாருங்கள். அப்புறம் 10 அறை என்று போட்டுத் தேடுங்கள். அந்த விலை இரண்டு மூன்று அறைக்கு மட்டும் இருக்கலாம். எல்லாம் ஒன்றாக இருந்தும் குறைவாகக் காட்டினால், அந்தத் திரையைப் படம் பிடித்து மேலாளருக்கு அனுப்பி அதே விலையைக் கேளுங்கள். சிலர் இறங்கி வருவார்கள், சிலர் ஓர் அறையை இலவசமாகத் தருவார்கள், சிலர் அசைய மாட்டார்கள்.